அந்த 1,140 ரூபாய் எங்கே போனது?

ஈரோட்டில் லுங்கியும் துண்டும் நெய்து விற்கும் ஒரு முதலாளி. அவருக்காக மதுரை, விருதுநகர் பக்கம் கடை கடையாக ஏறி இறங்கி ஆர்டர் பிடித்துத் தரும் ஒரு ஏஜென்ட். இருவருக்கும் பேச்சு 2 சதவீதக் கமிஷன். ஏப்ரல் 5-ம் தேதி மதுரைக் கடை ஒன்றுக்கு 2 லட்ச ரூபாய் சரக்கு அனுப்பிப் பில் போட்டார்கள். 2 லட்சத்துக்கு 2 சதவீதம் என்றால் 4,000 ரூபாய். பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் செப்டம்பரில் அந்தப் பில்லின் கணக்கு முடிந்தபோது ஏஜென்ட்டுக்கு வந்த கமிஷன் மொத்தம் 2,860 ரூபாய்.

“ஏனுங்க முதலாளி, மிச்சம் 1,140 ரூவா எங்கீங்க போச்சு?”

கணக்கை விளக்குவதற்காக இங்கே அழைத்து வந்திருக்கும் பெயரில்லாத இருவர்தான் இவர்கள். கேள்வி மட்டும் கற்பனையல்ல. விற்ற தொகைக்குக் கமிஷன் இல்லை, வசூலான தொகைக்குத்தான் கமிஷன் என்று பேசிக்கொண்ட எந்த வியாபாரத்திலும் மாதக் கடைசியில் இந்தக் கேள்வி எழும். ஜவுளியானாலும், மருந்து மொத்த விற்பனையானாலும், விவசாய பம்ப்செட்டானாலும் அப்படித்தான். நம் வீட்டுக்கு வரும் எல்.ஐ.சி. ஏஜென்ட்டின் கதையும் இதுவே. பாலிசிதாரர் இரண்டாம் ஆண்டு பிரீமியத்தைக் கட்டினால்தான் அந்த ஆண்டுக்கான கமிஷன் அவருக்கு உண்டு. கட்டாமல் விட்டால் இல்லை.

முதலாளி ஏன் பில் தொகைக்குக் கமிஷன் தர மறுக்கிறார் என்பதை முதலில் பார்த்துவிடலாம். 2 லட்ச ரூபாய் சரக்குக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. 10,000 ரூபாய் சேர்த்துப் பில் தொகை 2,10,000. மாதாமாதம் ரிட்டர்ன் போடும் வியாபாரி ஏப்ரல் மாத விற்பனைக்கான வரியை மே 20-க்குள் கட்டியாக வேண்டும். கடைக்காரர் பணம் தந்தாரா இல்லையா என்று அரசாங்கம் கேட்காது. நூல் வாங்கியபோது கட்டிய வரியைக் கழித்துக்கொண்டாலும் மீதியைக் கைக்காசிலிருந்துதான் போட வேண்டும். நூல்காரருக்கும் தறிக்கூலிக்கும் பணம் அதற்கு முன்பே போய்விட்டது. இதற்கு மேல், வராத பணத்துக்குக் கமிஷனும் கொடு என்றால் எந்த முதலாளிக்கும் வயிறு எரியத்தான் செய்யும்.

இன்னொரு காரணத்தை வெளிப்படையாகச் சொல்ல மாட்டார்கள். பில் போட்ட அன்றே கமிஷன் கிடைக்கும் என்றால், வாங்கும் கடை எப்படிப்பட்டது என்று பார்க்க ஏஜென்ட்டுக்குப் பெரிய அவசியம் இல்லை. “இப்போதைக்கு இறக்கி வையுங்க, விற்றால் பணம், இல்லாட்டித் திருப்பிக்கலாம்” என்று சொல்லி, கேட்காத கடையிலும் பத்து பேல் இறக்கிவிடலாம். மாத இலக்கு நிறையும், கமிஷனும் வந்துவிடும். மூன்று மாதம் கழித்துச் சரக்கு திரும்பி வரும்போது லாரி வாடகை முதலாளி தலையில். வசூலுக்குத்தான் கமிஷன் என்றானதும் அதே ஏஜென்ட் ஆர்டர் எழுதுவதற்கு முன் அந்தக் கடையின் பழைய பாக்கியை விசாரிக்க ஆரம்பித்துவிடுகிறார்.

சரி, நம் பில்லுக்கு வருவோம்.

மூட்டையைப் பிரித்துப் பார்த்த கடைக்காரர், 20,000 ரூபாய் லுங்கியில் சாயம் ஓடுகிறது என்று மே மாதத் தொடக்கத்தில் திருப்பி அனுப்பினார். முதலாளி வரியோடு சேர்த்து 21,000 ரூபாய்க்கு கிரெடிட் நோட் கொடுத்தார். பாக்கி 1,89,000. மே 20-ம் தேதி, அதாவது முதலாளி வரி கட்டிய அதே நாளில், முதல் தவணையாக 84,000 ரூபாய் வங்கியில் வந்து விழுந்தது. ஜூன் 28-ம் தேதி 63,000 ரூபாய்க்கு ஒரு செக் வந்தது. அது ஜூலை 3-ம் தேதி திரும்பிவிட்டது. ஏஜென்ட் இரண்டு முறை மதுரைக்கு நடந்த பிறகு ஜூலை 25-ம் தேதி அதே 63,000 வங்கி வழியாக வந்து சேர்ந்தது. மீதம் 42,000. செப்டம்பர் 10-ம் தேதி கடைக்காரர் 37,800 மட்டும் அனுப்பிவிட்டு, “சந்தையில ரேட் இறங்கிப்போச்சு, 4,200-ஐத் தள்ளிக்குங்க” என்றார். அலைந்து அலுத்த முதலாளியும் சரி என்று கணக்கை முடித்தார்.

ஆக, வந்த பணம் மொத்தம் 1,84,800 ரூபாய். இதற்கு 2 சதவீதம் போட்டால் 3,696 வருகிறது. பலரும் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான். வந்த 1,84,800-ல் வரியும் கலந்திருக்கிறது. பில் போடும்போது வரி தனி வரியில் நிற்கும், அதனால் குழப்பமில்லை. வசூலாகி வரும்போதோ சரக்கின் விலையும் வரியும் ஒரே கட்டாக வருகின்றன. பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். 5 சதவீத வரி உள்ள சரக்கென்றால் வந்த தொகையை 1.05-ஆல் வகுக்க வேண்டும். அதிலிருந்து 5 சதவீதத்தைக் கழிப்பது தவறு. 84,000-ல் 5 சதவீதத்தைக் கழித்தால் 79,800, 1.05-ஆல் வகுத்தால்தான் சரியான 80,000. இப்படி 1,84,800-ஐ வகுத்தால் 1,76,000. அதற்கு 2 சதவீதம் 3,520. வகுக்காமல் விட்டால் அரசாங்கத்துக்குப் போகும் பணத்துக்கும் சேர்த்து 176 ரூபாய் கமிஷன் கூடுதலாகப் போயிருக்கும். ஒரு பில்லில் இது சின்னத் தொகை. 18 சதவீத வரி உள்ள சரக்கு விற்பவர் ஆண்டு முழுக்க இப்படிக் கொடுத்துவந்தால் சின்னத் தொகையாக இருக்காது.

இதற்குள்ளேயே இன்னொரு நுணுக்கமும் ஒளிந்திருக்கிறது. கடைசியில் தள்ளிவிட்ட 4,200-க்கு வரியையும் குறைத்து கிரெடிட் நோட் போட்டால்தான் 3,520 சரி. வரியைத் தொடாமல் விலையில் மட்டும் தள்ளுபடி காட்டினால், முதலாளி கட்டிய 9,000 ரூபாய் வரி அப்படியே நிற்கும். வந்த பணத்தில் அதைக் கழித்தால் 1,75,800, கமிஷன் 3,516. வித்தியாசம் 4 ரூபாய். இந்த 4 ரூபாய்க்காக இரண்டு கணக்குப்பிள்ளைகள் ஒரு மத்தியானம் முழுக்கத் தலையைச் சொறிவதும் நடக்கும். நாம் 3,520-ஐ வைத்துக்கொண்டு மேலே போவோம்.

காணாமல் போன 1,140-ல் இப்போது 480-க்கு விடை கிடைத்துவிட்டது. சரக்கு திரும்பியதால் போனது 400, ரேட் தள்ளியதால் போனது 80.

இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்றால், கூடாது. ரேட் தள்ளியதில் விற்ற விலையே குறைந்துவிட்டது. குறைந்த விலைக்குக் குறைந்த கமிஷன் என்பதை ஏஜென்ட்டும் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார். சாயம் ஓடியது வேறு சங்கதி. ஆர்டர் பிடித்தவர் தன் வேலையைச் சரியாகச் செய்தார். பிழை சாயப் பட்டறையில். ஏஜென்ட்டின் 400 ரூபாயை அந்தப் பிழை ஏன் விழுங்க வேண்டும்?

ஐரோப்பிய நாடுகள் இந்தக் கேள்விக்குச் சட்டத்திலேயே பதில் எழுதி வைத்திருக்கின்றன. வணிக ஏஜென்ட்டுகள் பற்றி 1986-ல் ஐரோப்பியச் சமூகம் வகுத்த நெறிமுறையின் 11-ம் விதிப்படி, வாங்குபவருடனான ஒப்பந்தம் நிறைவேறாது என்பது உறுதியாகி, அதற்கு முதலாளி காரணமாக இல்லாதிருந்தால் மட்டுமே ஏஜென்ட்டின் கமிஷன் உரிமை அற்றுப்போகும். தவறு முதலாளி பக்கம் என்றால் கமிஷன் நிற்கும். இந்தியாவில் இப்படித் தனியாக ஒரு ஏஜென்ட் சட்டம் கிடையாது. 1872-ம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம்தான் இன்றும் ஆள்கிறது. அதன் 219-வது பிரிவு, வேறு பேச்சு இல்லாவிட்டால், ஒப்புக்கொண்ட வேலை முடிந்த பிறகே ஏஜென்ட்டுக்குக் கூலி என்கிறது. எது ‘முடிந்த வேலை’ என்பதுதான் சண்டையே. ஆர்டர் எழுதியதோடு முடிந்ததா, சரக்கு இறங்கியதோடு முடிந்ததா, காசு வந்தால்தான் முடிந்ததா? இருவரும் எழுதிக்கொண்டால் எழுதியதே சட்டம். நம் ஊர் வழக்கமோ டீக்கடையில் வாய்ப்பேச்சு. “நம்ம தவறால் திரும்பிய சரக்குக்குக் கமிஷன் உண்டு” என்று ஒரு வரி எழுதியிருந்தால் நம் ஏஜென்ட் அந்த 400-ஐ வாங்கியிருப்பார்.

அதே சட்டத்தின் 220-வது பிரிவு மறுபக்கத்தைப் பேசுகிறது. வேலையில் முறைகேடாக நடந்துகொண்ட ஏஜென்ட்டுக்கு அந்தப் பகுதிக்குக் கூலி இல்லை. அதற்குச் சட்டமே ஓர் உதாரணமும் தருகிறது: ஆயிரம் ரூபாயை வசூலிக்க அமர்த்தப்பட்டவரின் முறைகேட்டால் பணம் வராமல் போனால், அவருக்குக் கூலியும் கிடையாது, நஷ்டத்தையும் அவரே ஈடுகட்ட வேண்டும். சில முதலாளிகள் இதைத் தப்பாகப் பிடித்துக்கொள்கிறார்கள். கடைக்காரர் நொடித்துப்போய்ப் பணம் வராவிட்டால் அந்தப் பாக்கி முழுவதையும் ஏஜென்ட்டின் மற்றக் கமிஷனில் பிடிக்கிறார்கள். வசூலுக்குக் கமிஷன் என்ற பேச்சில், வராத பணத்துக்குக் கமிஷன் கிடையாது என்பது மட்டும்தான் அடங்கும். வராத பணத்துக்கு ஏஜென்ட் ஜாமீன் என்பது அடங்காது. ஜாமீன் நிற்கும் ஏஜென்ட்டும் உண்டு. வணிகவியல் பாடத்தில் ‘டெல் கிரெடரே’ என்று ஓர் இத்தாலியச் சொல்லைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். அவருக்கு அந்த ஆபத்துக்காகக் கூடுதலாக ஒரு கமிஷன் தருவார்கள். கூடுதல் கமிஷன் தராமல் ஜாமீனை மட்டும் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

திரும்பிய செக்கைப் பார்ப்போம். மேலே போட்ட கணக்கில் அது எந்தத் தடயமும் விடவில்லை. கடைசியில் 63,000 வந்துவிட்டதே. ஆனால் மாதாமாதம் கமிஷன் பட்டுவாடா செய்யும் இடத்தில் ஜூன் 28-ம் தேதி செக்கைப் பதிந்த உடனேயே அதற்கான கமிஷன் ஜூன் கணக்கில் ஏறியிருக்கும். ஜூலைக் கணக்கில் அதைக் கழிக்க வேண்டும், பிறகு பணம் வந்ததும் மறுபடி கூட்ட வேண்டும். செக் திரும்பியதை வங்கிக் கணக்கில் பதிந்த கிளார்க், கமிஷன் நோட்டில் பதிய மறந்தால் அதே 63,000-க்கு இரண்டு முறை கமிஷன் போய்விடும். பின் தேதியிட்ட செக்குகளைக் கட்டாக வாங்கி வைத்திருக்கும் இடங்களில் இது அடிக்கடி நடக்கிறது. கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரு பில்லுக்குக் கமிஷன் கொடுத்த வசூல் தொகைகளை எல்லாம் கூட்டிப் பார்த்தால் அது பில் தொகையைத் தாண்டவே கூடாது. தாண்டியிருந்தால் எங்கோ ஒரு செக் இரண்டு முறை எண்ணப்பட்டிருக்கிறது. செக் கைக்கு வந்த நாளை விட்டுவிட்டு, வங்கியில் பணம் சேர்ந்த நாளையே வசூல் நாள் என்று வைத்துக்கொண்டால் இந்தக் கூட்டல் கழித்தலே வேண்டாம்.

இன்னும் 660 ரூபாய் பாக்கி இருக்கிறது.

அது தாமதத்துக்குப் போனது. நம் இருவரின் பேச்சில் இன்னொரு வரி உண்டு: 60 நாளுக்குள் வந்த பணத்துக்கு 2 சதவீதம், 61 முதல் 120 நாளுக்குள் ஒன்றரை, அதற்கு மேல் 1 சதவீதம். மே 20 என்பது பில் போட்ட 45-ம் நாள். 80,000-க்கு முழுசாக 1,600. ஜூலை 25 என்பது 111-ம் நாள். 60,000-க்கு ஒன்றரை வீதம் 900. செப்டம்பர் 10 என்பது 158-ம் நாள். 36,000-க்கு 1 சதவீதம் 360. கூட்டினால் 2,860. சீட்டில் இருந்த தொகை இதுதான்.

இப்படித் தாமதத்துக்கு வெட்டு வைப்பதில் முதலாளிக்கு ஒரு நியாயம் இருக்கிறது. நாள் போகப் போக வங்கி வட்டி அவருக்கு ஏறுகிறது. ஆனால் இந்த வெட்டு வந்ததும் வேறொரு கதவு திறக்கிறது. ஒவ்வொரு ரூபாயும் எந்தப் பில்லுக்கு வந்தது என்று நிச்சயமாகத் தெரிய வேண்டியதாகிறது. கடைக்காரரோ அதைச் சொல்லி அனுப்புவதே இல்லை. “ஒரு லட்சம் போட்டிருக்கேன், பார்த்துக்குங்க” என்பதோடு சரி.

ஓர் உதாரணம். விருதுநகர்க் கடை ஒன்றுக்கு ஜனவரி 10-ல் போட்ட பில் 1,05,000 அப்படியே நிற்கிறது. மே 15-ல் இன்னொரு 1,05,000 பில். ஜூன் 14-ம் தேதி 1,05,000 வருகிறது. பழைய பில்லுக்கு வரவு வைத்தால் 155 நாள், கமிஷன் 1,000 ரூபாய். புதிய பில்லுக்கு வைத்தால் 30 நாள், கமிஷன் 2,000. அதே பணம், அதே நாள். கணினியில் எந்த வரியைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதில் ஏஜென்ட்டின் வருமானம் இரண்டு மடங்காகிறது. ஜனவரிப் பில்லை எழுதியவர் வேலையை விட்டுப்போன பழைய ஏஜென்ட் என்று வைத்துக்கொண்டால் நிலைமை இன்னும் மோசம். அப்போது கேள்வி எவ்வளவு என்பதோடு நிற்காது, யாருக்கு என்பதும் சேர்ந்துகொள்ளும்.

1872-ன் அதே சட்டம் இதற்கும் வரிசை வகுத்திருக்கிறது, 59 முதல் 61 வரையிலான பிரிவுகளில். பணம் தருபவர் எந்தக் கடனுக்கு என்று சொன்னால் அதற்கே வரவு வைக்க வேண்டும். அவர் சொல்லாமலும், சூழ்நிலையிலிருந்து ஊகிக்க முடியாமலும் இருந்தால் வாங்குபவர் தன் விருப்பம்போல் வைத்துக்கொள்ளலாம். இருவருமே எதையும் சொல்லாவிட்டால் பழைய கடன் முதலில். இந்த வரிசையில் ஏஜென்ட் எங்குமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தன் கமிஷன் எவ்வளவு என்பதைத் தீர்மானிக்கும் முடிவில் அவருக்கு வாயே கிடையாது. அனுபவமுள்ள ஏஜென்ட்டுகள் அதனால்தான் கடைக்காரரிடம் பணம் வாங்கும்போதே செக்கின் பின்புறமோ வாட்ஸ்அப்பிலோ பில் நம்பரை எழுத வைத்துவிடுகிறார்கள். கடைக்காரர் சொல்லிவிட்டால் முதலாளியின் விருப்பத்துக்கு இடமில்லை.

அலுவலகத்தில் இது எப்படிக் கெடுகிறது என்பதை டாலி மென்பொருளில் பார்க்கலாம். பணம் வந்ததைப் பதியும்போது எந்தப் பில்லுக்கு என்று குறிக்க `Agst Ref` என்று ஒரு தேர்வு இருக்கிறது. அவசரத்தில் இருக்கும் கிளார்க் அதைத் தேடாமல் `On Account` என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். கடையின் மொத்தப் பாக்கி சரியாகக் குறையும். முதலாளிக்கு எந்தச் சந்தேகமும் வராது. ஆனால் பில் வாரியாக எடுக்கும் கமிஷன் பட்டியலில் அந்தப் பணம் எங்கும் தெரியாது. ஏஜென்ட் கடைக்குப் போய்க் கேட்டால் “கொடுத்தாச்சே” என்பார்கள், ஆபீசில் கேட்டால் “பில் நிக்குதே” என்பார்கள். இரண்டுமே உண்மை. மாதம் ஒருமுறை `On Account`-ல் தொங்கும் தொகைகளை மட்டும் தனியாக எடுத்துப் பார்ப்பதுதான் இதற்கு மருந்து. கமிஷன் பட்டியலை வாங்கும் ஏஜென்ட் முதலில் கேட்க வேண்டிய தாளும் அதுதான்.

பெரிய மொத்த வியாபாரிகளிடம் வசூல் செய்யும்போது இன்னொரு சின்ன உறுத்தல் வரும். முந்தைய ஆண்டு விற்றுமுதல் 10 கோடிக்கு மேல் உள்ளவர், ஒருவரிடமிருந்து ஓராண்டில் 50 லட்சத்துக்கு மேல் வாங்கினால், அதிகப்படியான தொகைக்கு 0.1 சதவீதம் வருமான வரி பிடித்துக்கொண்டுதான் பணம் தருவார். வங்கிக்கு வந்த தொகை குறைவாக இருக்கும். ஆனால் பிடித்த தொகை முதலாளியின் பெயரில் வரிக் கணக்கில் வரவாகிவிட்டது. அதையும் வசூலாகவே எண்ண வேண்டும்.

முதலாளியும் ஏஜென்ட்டுக்குத் தரும் கமிஷனில் வருமான வரி பிடிக்க வேண்டியிருக்கும். நீண்ட காலம் 5 சதவீதமாக இருந்த இந்தப் பிடித்தம் 2024 அக்டோபர் 1 முதல் 2 சதவீதம். ஆண்டுக்கு 15,000 ரூபாய் என்றிருந்த வரம்பு 2025 ஏப்ரலிலிருந்து 20,000 ஆனது. இதில் ஒரு பொறி இருக்கிறது. கையில் கொடுத்த நாள், கணக்கில் ஏஜென்ட் பெயருக்கு வரவு வைத்த நாள் இரண்டில் எது முந்தியதோ அன்றே வரி பிடிக்க வேண்டும். ஏப்ரல் 5-ம் தேதி பில் போட்டவுடன் 4,000 ரூபாயை ஏஜென்ட் பெயரில் வரவு எழுதிவிடும் கணக்குப்பிள்ளை, 80 ரூபாய் வரியை உடனே கட்ட வேண்டியவராகிறார். செப்டம்பரில் அது 2,860 ஆகச் சுருங்கும்போது, பிடிக்க வேண்டிய வரி 57 ரூபாய் 20 காசுதான். மீதியைச் சரிக்கட்டப் படிவங்களைத் திருத்த வேண்டும். கமிஷனை வசூலான பிறகே வரவு எழுதும் இடங்களில் இந்தத் தலைவலி இல்லை.

ஏஜென்ட் விலகிப் போகும்போதுதான் இந்த முறையின் கசப்பு முழுவதும் வெளியே வரும். அவர் பிடித்த ஆர்டர்களுக்கான பணம் அடுத்த ஐந்தாறு மாதம் வந்துகொண்டே இருக்கும். அவரோ இப்போது அந்தக் கடைகளுக்குப் போவதில்லை, வசூலிப்பவர் புதியவர். பணம் முழுக்கப் பழையவருடைய உழைப்பு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. சிலர் விலகிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் வருவதற்கு முழுக் கமிஷன், பிறகு இல்லை என்று எழுதிக்கொள்கிறார்கள். சிலர் பழையவருக்குப் பாதி, புதியவருக்குப் பாதி. எதுவுமே எழுதாதவர்கள்தான் அதிகம். அங்கே கடைசி நாளன்று நிலுவைப் பட்டியல் ஒன்றை எடுத்து, எந்தக் கடை, எந்தப் பில், எவ்வளவு பாக்கி என்று இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்வார்கள், உறவு கெடாமல் பிரிந்தால்.

நம் ஈரோட்டு ஏஜென்ட் இன்னும் விலகவில்லை. 660-ஐயும் 80-ஐயும் சீட்டைப் பார்த்ததும் ஒத்துக்கொண்டுவிட்டார். சாயம் ஓடிய லுங்கியின் 400-ஐ மட்டும் விடுவதாக இல்லை.

“சாயம் நானுங்களா போட்டேன்?” என்கிறார். முதலாளி சாயப் பட்டறைக்காரருக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறார், அவர் கூலியில் பிடிக்கலாமா என்று கேட்க.